ஒரே தொகை இரண்டு முறை கழிந்திருக்கிறதா?

மாதந்தோறும் முதல் வாரத்தில் ஒரு நாளைக் கைப்பேசியில் நினைவூட்டலாகக் குறித்து வைத்து, சென்ற மாத வங்கி அறிக்கையையும் கார்டு அறிக்கையையும் வரிவரியாகப் பாருங்கள். அவற்றில் முதலில் தேட வேண்டியது, ஒரே கடைக்கு ஒரே தொகை இரண்டு முறை கழிந்திருக்கும் இடங்களையே.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் 4,850 ரூபாய்க்குத் துணி எடுத்து டெபிட் கார்டில் பணம் செலுத்துகிறீர்கள் என்று கொள்வோம். இயந்திரம் தோல்வி என்று காட்டியதால் கடைக்காரர் மீண்டும் கார்டைச் செருகுகிறார்; அறிக்கையிலோ இரண்டு பற்றுகள் இருக்கின்றன. முதல் பற்றுக்கு ஈடாக அதே தொகை பின்னர் வரவாகியிருக்கிறதா என்று அடுத்த சில வரிகளில் பாருங்கள். வரவில்லையெனில், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்கு உறுதி செய்யப்படாத இத்தகைய பற்றை 5 நாட்களுக்குள் வங்கியே திருப்பித் தர வேண்டும்; தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடும் உண்டு.

ஆனால் இரண்டு பரிவர்த்தனைகளுமே வெற்றி பெற்றுக் கடைக்காரரின் கணக்கில் சேர்ந்திருந்தால் இந்த விதி பொருந்தாது, பணம் தானாகத் திரும்பவும் திரும்பாது. ஆகவே இரண்டு பற்றுகளின் குறிப்பு எண்களையும் காட்டி, அவை தம் கணக்கில் வந்தனவா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் வங்கியில் எழுத்து மூலம் புகார் அளித்துப் புகார் எண்ணைப் பெறுங்கள். 30 நாட்களில் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்காகவே கார்டு இயந்திரத்தின் சீட்டை, தோல்வி என்று அச்சானதையும் சேர்த்து, அறிக்கை வரும் வரை பத்திரப்படுத்துவது நல்லது.