வஸிய்யத்தில் நடக்கும் தவறுகள்: மகனுக்கு எழுதிய வீடு ஏன் நிற்பதில்லை?

கடைசிக் காலத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட இளைய மகனுக்கு வீட்டை எழுதிவைத்துவிட்டுப் போகிறார் தகப்பனார். உயில் முத்திரைத்தாளில் இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகியிருக்கிறது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் அக்கா எழுந்து, 'ஷரீஅத்படி இது செல்லாதே' என்கிறாள். அவள் சொல்வது சரி. வஸிய்யத், அதாவது முஸ்லிமின் உயில், வாரிசு ஒருவருக்கே எழுதப்பட்டிருந்தால் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. நான் பார்த்த உயில் தகராறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கின.

முதல் தவறு, வஸிய்யத்தை மற்ற உயில்களைப் போலவே நினைப்பது. பதிவு செய்வதால் உயிலுக்குச் சாட்சி பலம் கூடுகிறது. ஆனால் உள்ளே எழுதியிருப்பது ஷரீஅத்துக்குப் பொருந்துமா என்று சார்பதிவாளர் பார்ப்பதில்லை. முஸ்லிம் ஒருவரின் உயில் எந்த அளவு செல்லும் என்பதை இந்திய நீதிமன்றங்கள் முஸ்லிம் சட்டப்படிதான் முடிவு செய்கின்றன. எழுதாமல் வாயால் சொன்ன வஸிய்யத்தும் நிரூபிக்க முடிந்தால் செல்லும். சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டி எழுதியது, பதிவாகியிருந்தாலும் வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்து மணந்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்துவதால், அவர்கள் கணக்கு வேறு.

மூன்றில் ஒன்று என்ற வரம்பு ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் சம்பவத்திலிருந்து வருகிறது. இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் அவர் கடுமையாக நோயுற்றார். அவருக்கு ஒரே ஒரு மகள். சொத்தில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்துவிடவா என்று நபிகளாரிடம் கேட்டார். வேண்டாம் என்றார்கள். பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? 'மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம்தான்' என்று சொல்லி, வாரிசுகளை மக்களிடம் கையேந்த விடுவதைவிட வசதியாக விட்டுச்செல்வது நல்லது என்றார்கள். ஸஅத் அந்த நோயிலிருந்து பிழைத்து, பல ஆண்டுகள் வாழ்ந்து, மேலும் பல பிள்ளைகளைப் பெற்றார். அடுத்த தவறு இங்கே ஒளிந்திருக்கிறது.

யார் வாரிசு, சொத்து எவ்வளவு என்பதெல்லாம் இறக்கும் அன்றுதான் தீர்மானமாகின்றன. உயில் எழுதும் அன்று அல்ல. பிள்ளையில்லாதவர் தம்பிக்கு ஐந்து லட்சம் எழுதிவைக்கிறார். அன்று அந்தத் தம்பி வாரிசு வரிசையில் நிற்பவர். பிறகு ஒரு மகன் பிறந்துவிட்டால் தம்பி வாரிசிலிருந்து விலகிவிடுகிறார், உயில் செல்லுபடியாகிறது. பிறந்தது மகள் மட்டும் என்றால், தகப்பனாரும் உயிருடன் இல்லாதபோது, தம்பி மிச்சத்துக்கு வாரிசாகவே இருப்பார். உயில் அவருக்கு உதவாது. பெண்பிள்ளைகள் மட்டும் உள்ளவர்கள் 'எல்லாம் என் மகள்களுக்கே' என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். எழுதியவரின் சகோதரர் உயிருடன் இருந்து சம்மதிக்காவிட்டால் அந்த வரி நிற்காது.

வாரிசுக்கு ஏன் எழுதக் கூடாது? வாரிசுகளின் பங்கைக் குர்ஆனே வகுத்துவிட்டது. பெற்றோர், பிள்ளைகள் இவர்களில் யார் உங்களுக்கு அதிகப் பயன் தருபவர் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்று அந்தப் பாகப்பிரிவினை வசனம் (4:11) சொல்கிறது. எந்தப் பிள்ளை உசத்தி என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை மனிதனிடமிருந்து எடுத்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையை அல்லாஹ் கொடுத்துவிட்டான், ஆகவே வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்று நபிகளார் இறுதி ஹஜ் உரையில் அறிவித்தார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ உட்பட சுன்னி மத்ஹபுகள் இதையே பின்பற்றுகின்றன. ஷியாக்களில் பன்னிரு இமாம் வழியினர், மூன்றில் ஒன்றுக்குள் வாரிசுக்கும் எழுதலாம் என்கிறார்கள்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் விட்டுச்சென்ற சொத்து 65 லட்சம்: வீடு 40, கடை 16, ரொக்கம் 9. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். மூன்றாவது மகன் முன்னரே இறந்து, அவனுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். உயிலில் வீடு இளைய மகனுக்கு, 15 லட்சம் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு, 10 லட்சம் பள்ளிவாசலுக்கு.

முதலில் அடக்கச் செலவும் கடன்களும். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எல்லாம் சேர்த்து 5 லட்சம் போக மிச்சம் 60. இதில் மூன்றில் ஒன்று 20 லட்சம். மொத்தம் 65 லட்சத்தில் மூன்றில் ஒன்றை எடுத்துக் கணக்குப் போடுவது தவறு.

வீடு வாரிசுக்கு எழுதியது, மற்றவர்கள் சம்மதிக்காவிட்டால் விழுந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகள், மகன்கள் உயிருடன் இருப்பதால், வாரிசு அல்ல. அவர்களுக்கு எழுதியது செல்லும். ஆனால் 15ம் 10ம் சேர்ந்தால் 25, வரம்பு 20. இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும்: பேரப்பிள்ளைகளுக்கு 12 லட்சம், பள்ளிவாசலுக்கு 8 லட்சம். மீதி 40 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். 35ஐ ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7.

இந்தக் கணக்கில் வஸிய்யத்தின் உண்மையான பயன் பேரப்பிள்ளைகளிடம்தான் தெரிகிறது. அவர்களுக்கு எழுதாமல் போயிருந்தால் ஒரு ரூபாயும் வந்திருக்காது. மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் திறந்து விடப்பட்டிருக்கிறது: தகப்பனை இழந்த பேரன், வளர்ப்புப் பிள்ளை, முஸ்லிம் அல்லாத உறவினர். எகிப்து 1946ல் இறந்த பிள்ளையின் பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத்தையே சட்டமாக்கியது. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை, எழுதினால்தான் உண்டு.

மகனுக்கே வீடு சேர வேண்டும் என்றால் மற்ற வாரிசுகள் சம்மதிக்கலாம். ஆனால் அந்தச் சம்மதம் இறப்புக்குப் பின் வர வேண்டும். 'நான் இருக்கும்போதே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்' என்று தைரியமாக இருப்பவர்கள் நிறைய. தகப்பனார் உயிருடன் இருக்கும்போது பிள்ளைகளுக்கு அந்தச் சொத்தில் உரிமையே பிறக்கவில்லை. இல்லாத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே ஹனஃபி, ஷாஃபிஈ முறைகளில் அந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது. பின்னர் ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால், சம்மதித்தவரின் பங்கில் மட்டும் அது நடைமுறையாகும். பருவமடையாத பிள்ளை இருந்தால் அதன் சார்பில் யாரும் சம்மதிக்க முடியாது. அண்ணன் முன்னால் வெட்கப்பட்டு அக்கா தலையசைப்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

மற்றொரு வழி ஹிபா, உயிருடன் இருக்கும்போதே கொடுப்பது. அதற்கு மூன்றில் ஒன்று வரம்பு கிடையாது. ஆனால் சாவி, வாடகை, பட்டா என்று அனுபோகம் முழுவதும் மகன் கைக்குப் போயிருக்க வேண்டும். வாடகையைக் கடைசிவரை தகப்பனாரே வாங்கிக்கொண்டிருந்தால், அது ஹிபா ஆகவில்லை என்று வாதாட எதிர்த்தரப்புக்கு இடம் கிடைக்கிறது. மரணத்தில் முடிந்த நோயில் படுத்துக்கொண்டு கொடுத்தாலோ வஸிய்யத் விதிகளே வந்து உட்காரும்: மூன்றில் ஒன்று, வாரிசுக்கு இல்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுத்துவிட்டுச் சாட்சியாக இருக்கக் கேட்ட நுஃமான் இப்னு பஷீரின் தகப்பனாரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீரா என்று நபிகளார் கேட்டதும், இல்லை என்றபோது சாட்சியாக இருக்க மறுத்ததும் ஹதீஸில் இருக்கின்றன.

கூடவே இருந்து பார்த்த மகனுக்கு நியாயம் செய்ய விரும்பும் தகப்பனாருக்கு நான் சொல்வது இதுதான்: மருத்துவச் செலவு, வீட்டைப் பழுதுபார்த்த செலவு என்று அவன் கையிலிருந்து போட்ட பணத்தைக் கடனாக ஒப்புக்கொண்டு, நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே ரசீதுகளோடு எழுதி வையுங்கள். கடன் வஸிய்யத்துக்கும் பங்குக்கும் முன்னால் அடையும். அது உண்மையான கடனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி நோயில் வாரிசுக்குக் கடன் பாக்கி என்று வெறும் வாயால் சொல்வதை ஹனஃபி சட்டம் மற்ற வாரிசுகள் ஏற்காமல் ஒப்புக்கொள்வதில்லை.