குலுக்கலில் எடுத்த ஊர்கள், கோணலாக வந்த கணக்கு

ஒரு ஒன்றியத்தில் 60 ஊர், மொத்தம் 18,000 வீடு. வீடுகளில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தச் சீட்டுக் குலுக்கி 12 ஊரை எடுத்தோம், ஊருக்கு 15 வீடு. எல்லாம் குலுக்கல்தானே, பிறகென்ன என்று நேராகச் சராசரி போட்டேன். அங்கேதான் தப்பு. 90 வீடு உள்ள சிற்றூரிலும் 15, 900 வீடு உள்ள ஊரிலும் 15. முதல் ஊரில் ஒரு வீடு அகப்பட வாய்ப்பு 12/60 × 15/90, அதாவது 30-ல் ஒன்று. பெரிய ஊரிலோ 300-ல் ஒன்று. சிற்றூர்க்காரர் குரல் பத்து மடங்கு ஓங்கிவிட்டது.

எடுத்த தரவை வீணாக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வாய்ப்பின் தலைகீழை (30, 300) எடையாகக் கொடுத்துத் திரும்பக் கணக்கிட்டேன். ஆனால் எடைகள் இவ்வளவு ஏறுமாறாக இருந்தால் பிழை வரம்பு விரிந்துவிடும்.

அடுத்த சுற்றில் ஊர்ப் பட்டியலில் வீட்டு எண்ணிக்கையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். 18,000 / 12 = 1,500; அதற்குள் ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து 1,500 தாண்டித் தாண்டி, அந்த எண் விழுந்த ஊர்களை எடுத்தேன். பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பு, ஆனால் ஊருக்குள் அதே 15 வீடு என்பதால் இரண்டும் சரிக்கட்டி எல்லா வீட்டுக்கும் 100-ல் ஒன்று.

அப்புறம் ஒரு சிக்கல். பட்டியலில் 90 வீடு, நேரில் தெருத் தெருவாக எண்ணினால் 120. அங்கே 15-ஐப் பிடித்துக்கொண்டு நிற்காமல் 90/15 = 6, ஆறாவது வீடு தோறும் போனோம். 20 வீடு வந்தது, வாய்ப்பு மாறவில்லை.