‘ஏற்றுக்கொள்கிறேன், ஆனால்…’ என்று வேலை ஆஃபருக்குப் பதில் எழுதலாமா?

முதல் வரியில் “மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்”, அடுத்த வரியில் “ஆனால் சேரும் தேதியை மாற்றித் தாருங்கள், போனஸ் விஷயமும் தெளிவாக இல்லை”. பலர் அனுப்பும் பதில் இதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 7-ஆம் பிரிவின்படி ஏற்பு நிபந்தனையில்லாமல் முழுமையாக இருக்க வேண்டும். ‘ஆனால்’ சேர்ந்துவிட்டால் அது உங்கள் தரப்பின் புதிய கோரிக்கை ஆகிவிடுகிறது. ஹெச்.ஆர். பக்கமோ முதல் வரியைப் படித்துவிட்டு ‘அக்செப்டட்’ என்று குறித்துக்கொள்வார்கள். கேள்விகள் அப்படியே கிடக்கும். மெயிலில் கேள்வி கேட்டுவிட்டு, போர்ட்டலில் ‘அக்செப்ட்’ பட்டனை அழுத்துவது இன்னும் மோசம். அங்கே பதிவாவது பழைய தேதியும் பழைய நிபந்தனைகளும்தான்.

அதனால் இரண்டு மெயில்கள் வேண்டும். முதலில் விளக்கம் கேட்பது. திருத்திய கடிதம் கைக்கு வந்த பிறகு ஏற்பது. ஆஃபருக்குக் கெடு இருந்தால், முதல் மெயிலிலேயே நீட்டிப்பும் கேளுங்கள்.

தேதியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கடிதத்தில் ஜூலை 1 என்று இருக்கிறது, உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5-ல் ராஜினாமா கொடுத்து மறுநாளிலிருந்து எண்ணினால், கடைசி நாள் செப்டம்பர் 3. “செப்டம்பர் 8-ல் சேர்கிறேன்” என்று மட்டும் எழுதினால், திருத்திய கடிதம் ஜூன் 12-ல் வரும்போது கணக்கு உதைக்கும். கடிதம் வராமல் ராஜினாமா கொடுக்க முடியாதே! கடைசி நாள் 10-க்குப் போய்விடும். எனவே, “திருத்திய கடிதம் ஜூன் 5-க்குள் கிடைத்தால் செப்டம்பர் 8, தாமதமானால் அத்தனை நாள் தள்ளிச் சேர்வேன்” என்று எழுதுங்கள். ரிலீவிங் லெட்டர் கடைசி நாளன்றே கிடைக்காமல் போகலாம். அதுவரை ராஜினாமா ஏற்பு மெயில் போதுமா என்பதையும் இதிலேயே கேட்டுவிடலாம்.

ஜாயினிங் போனஸ் 1 லட்சம் என்றால் மூன்று கேள்விகள்: எந்த மாதச் சம்பளத்தோடு வரும்? ஓராண்டுக்குள் விலகினால் முழுவதும் திருப்பித் தர வேண்டுமா, மீதி மாதங்களுக்கு மட்டுமா? வரி போகக் கைக்கு வந்த தொகையையா, 1 லட்சத்தையுமா? கையில் வந்தது 70,000 ஆக இருக்கும், திருப்பிக் கேட்பது முழு லட்சமாக இருக்கும். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

“நோட்டீஸ் நாட்களை முடிக்காமல் கிளம்பப் பழைய கம்பெனிக்குக் கட்டும் பைஅவுட் தொகையை நாங்கள் தந்துவிடுவோம், போனில் சொன்னோமே” என்பதை நம்பி நிற்காதீர்கள். முன்பு பேசியவை எல்லாவற்றையும் இந்தக் கடிதம் ரத்து செய்கிறது என்ற வரி பல ஆஃபர் லெட்டர்களில் இருக்கும். ஹெச்.ஆர். மெயிலில் “ஓகே” என்று பதில் வந்தாலும், தொகையும் உச்சவரம்பும் கடிதத்துக்குள் ஏறினால்தான் பலம்.

திருத்திய கடிதம் வந்ததும், அதே மெயில் தொடரில் பதில் அனுப்புங்கள்: கடிதத்தின் தேதி, பதவி, சேரும் நாள், கையொப்பமிட்ட பிடிஎஃப். கேள்விக்குறி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. ராஜினாமா அதற்குப் பிறகுதான்.