செக்கு எண்ணெய்க் கடையின் யூடியூப் சேனல்: அறிமுகமும் அத்தியாயத் தலைப்புகளும் எழுதுவது எப்படி?

காங்கேயத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் யூடியூப் சேனல் தொடங்கியபோது, அறிமுகத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். ‘பாரம்பரியத்தின் சுவை, தலைமுறைகளின் நம்பிக்கை’ என்று தொடங்கியிருந்தேன். எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் வாங்க நினைக்கும் யார் இந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் தட்டப்போகிறார்கள்? இரண்டு மாதம் கழித்து அழித்துவிட்டு, கீழே சொல்லும் முறையில் திரும்ப எழுதினேன்.

முதலில் சொற்களைப் பொறுக்குங்கள்

உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, யூடியூப் தேடல் பெட்டியில் உங்கள் பொருளின் பெயரைப் பாதி மட்டும் தட்டுங்கள். கீழே விரியும் பரிந்துரைகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். ‘மரச்செக்கு எண்ணெய்’ ஒருபுறம், `marachekku ennai` மறுபுறம். இரண்டுக்கும் இடம் வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் வாயால் கேட்பதையும் குறியுங்கள். எங்கள் செக்கில் அடிக்கடி வரும் கேள்வி, ‘எள் கொண்டுவந்தால் ஆட்டித் தருவீர்களா?’ என்பதுதான்.

சேனல் அறிமுகம்

யூடியூப் ஸ்டூடியோவில் `Customization` பகுதிக்குள் `Description` என்ற பெட்டி இருக்கிறது. அதில் 1000 குறிகள் வரை எழுதலாம். தமிழில் இது சட்டென்று தீர்ந்துவிடும். ‘மரச்செக்கு’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. புள்ளி, கொம்பு, உகரச் சுழி ஆகியவை தனித்தனியாகச் சேர்வதால் கணினிக்குப் பத்து. ஏறக்குறைய நூறு சொற்களுக்குள் முடிக்கப் பாருங்கள்.

சேனல் பக்கத்தில் முதலில் தெரிவது தொடக்கச் சில சொற்கள் மட்டுமே. மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். ஆகவே வரவேற்பு, வணக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, என்ன பொருள், எந்த ஊர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் எழுதியது இது:

```
காங்கேயத்தில் மரச்செக்கு நல்லெண்ணெய்,
கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய்.
எள், கடலை, கொப்பரை கொண்டுவந்தால்
ஆட்டித் தருகிறோம். எண்ணெய் ஆட்டும் முறை,
தெளியவைத்தல், கெடாமல் வைத்தல் பற்றி
வீடியோக்கள். Marachekku ennai, Kangayam.
```

ஆங்கில எழுத்து வடிவம் கடைசியில் ஒரே ஒருமுறை வந்தால் போதும். இருபது விதமாக எழுதி அடுக்கினால் படிக்கிறவருக்கு எரிச்சல் வரும். வீடியோ விளக்கத்தில் அப்படிச் சொற்களைக் குவிப்பதை யூடியூப் விதிமீறலாகவே பார்க்கிறது. கடையின் வரைபட இணைப்பை அறிமுகத்துக்குள் திணிக்க வேண்டாம். இணைப்புகளுக்குத் தனி இடம் இருக்கிறது.

அத்தியாயத் தலைப்புகள்

ஒரு வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுபவைதான் அத்தியாயங்கள். அவற்றை அந்தந்த வீடியோவின் விளக்கப் பெட்டியில், நேரத்தோடு வரிவரியாக எழுத வேண்டும். எள் ஆட்டும் பதினொரு நிமிட வீடியோவுக்கு நான் முதலில் போட்டவை ‘முன்னுரை’, ‘பகுதி 1’, ‘பகுதி 2’, ‘முடிவுரை’. இவற்றைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. வீடியோவை மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் எந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது என்று குறித்தேன். ஆட்டுக்கூலி பற்றி அண்ணன் ஒன்பதாவது நிமிடத்தில் போகிறபோக்கில் சொன்னது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதுவே தனி அத்தியாயம் ஆனது.

```
0:00 எள்ளில் கல், மண் நீக்குதல்
1:20 எள் எவ்வளவு காய வேண்டும்?
3:05 கருப்பட்டி சேர்ப்பது எதற்கு?
6:40 நல்லெண்ணெய் தெளியவைத்தல்
9:15 எள் ஆட்டக் கூலி எவ்வளவு?
```

நான்கைந்து சொற்களுக்கு மேல் போகாதீர்கள்; கைபேசியில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும். முக்கியமான சொல் முன்னால் வரட்டும். கூகுள் தேடலில் சில வேளை இந்தத் தலைப்புகள் வீடியோவின் கீழ் தனித்தனியாகத் தெரியும். கூலியைத் தேடி வந்தவர் நேராக 9:15க்கே போய்விடுவார். எல்லா வீடியோவுக்கும் இப்படிக் காட்டும் என்பதற்கு உறுதி கிடையாது.

சேமித்த பிறகு பாருங்கள்

வீடியோவைத் திறந்து, அடியில் ஓடும் கோடு துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். நேரங்கள் நீல நிற இணைப்பாக மாறியும் கோடு பிரியவில்லை என்றால் விதி ஒன்று தவறியிருக்கிறது. பட்டியல் `0:00` என்றே தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் 10 வினாடியாவது நீள வேண்டும். நான் `0:05` என்று தொடங்கிவிட்டு அரை மணி நேரம் விழித்தேன். நேரம் இணைப்பாகவே மாறவில்லை என்றால், நிமிடத்துக்கும் வினாடிக்கும் நடுவே முக்காற்புள்ளிக்குப் பதில் வெறும் புள்ளி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஒரு மாதம் போனதும் ஸ்டூடியோவின் `Analytics` பகுதியில் `YouTube search` என்பதைத் திறந்தால், மக்கள் எந்தச் சொற்களைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று தெரியும். அறிமுகத்தில் இல்லாத சொல் ஏதாவது அங்கே அடிக்கடி தென்பட்டால், அதை முதல் இரண்டு வரிகளுக்குள் கொண்டுவாருங்கள்.