"keeps stopping" என்று செயலி நின்றுபோனால்: கேஷ், அப்டேட், மறுநிறுவல் ஆகியவற்றில் எது முதலில்?

ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தவுடன் அது தானாக மூடிக்கொண்டு, "Gmail keeps stopping" என்பது போன்ற சிறு பெட்டி தோன்றினால், பலரும் உடனே அந்தச் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. கேஷை அழிப்பதாலும் அப்டேட் செய்வதாலும் நம் தகவல் எதுவும் போவதில்லை. செயலியை நீக்கினால் அதற்குள் இருந்தவையும் சேர்ந்து போய்விடக்கூடும். ஆகவே, இழப்பு இல்லாத வழியில் தொடங்கி, ஒவ்வொரு படிக்குப் பிறகும் செயலியைத் திறந்து பார்த்து, சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் முறை.

தொடங்குமுன் கைபேசியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். சேமிப்பிடம் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் சில வீடியோக்களை அகற்றி இடம் உண்டாக்குங்கள். தன் கோப்புகளை எழுத இடமில்லாத செயலி, வேறு பழுது எதுவும் இல்லாமலேயே நின்றுபோகலாம்.

கேஷ்

செயலியின் சின்னத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, "App info" என்பதைத் திறந்து, "Storage & cache" அல்லது "Storage" என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே "Clear cache" என்பதை மட்டும் தொடுங்கள். கேஷ் என்பது செயலி விரைவாக இயங்குவதற்காகத் தற்காலிகமாக எடுத்துவைத்த படங்களும் கோப்புகளும்தான். அவற்றில் ஒன்று பழுதுபட்டு, அதைப் படிக்கும் போதெல்லாம் செயலி விழுந்துகொண்டிருந்தால், அழித்ததும் புதிதாக உருவாகிச் சரியாகிவிடும். உங்கள் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட மாட்டீர்கள். அதே திரையில் இருக்கும் "Clear storage" அல்லது "Clear data" வேறு வகை: அது செயலிக்குள் இருக்கும் உள்நுழைவு, அமைப்புகள், அனுப்பாத வரைவுகள் என அனைத்தையும் துடைத்துவிடும். அவசரத்தில் விரல் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்டேட்

கேஷை அழித்தும் பயனில்லை என்றால், பிழை செயலியின் நிரலிலேயே இருக்கலாம். அதை உருவாக்கியவர்கள் திருத்திய பதிப்பை வெளியிட்டால்தான் தீரும். ப்ளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தைத் திறந்து, "Update" என்ற பொத்தான் இருந்தால் தொடுங்கள். "Open" மட்டும் இருந்தால் உங்களிடம் இருப்பதே அப்போதைய புதிய பதிப்பு.

இங்கே ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நின்றுபோவது ஒரு செயலியா, ஒரே நேரத்தில் பலவா? 2021 மார்ச் 22, 23 தேதிகளில் உலகெங்கும் பலருடைய கைபேசிகளில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் ஒன்றாக நின்றன. ஜிமெயிலின் கேஷை அழித்தவர்களுக்கும் பலன் கிட்டவில்லை; ஏனெனில் பழுது ஜிமெயிலில் இல்லை. செயலிகள் தமக்குள் இணையப் பக்கங்களைக் காட்டப் பயன்படுத்தும் "Android System WebView" என்ற பொதுப் பகுதியில்தான் கோளாறு இருந்தது. அதையும் குரோமையும் ப்ளே ஸ்டோரில் அப்டேட் செய்யும்படி கூகுள் அறிவித்தது, செய்தவர்களுக்குச் சரியானது. எனவே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செயலிகள் சேர்ந்து விழுந்தால், தனிச் செயலியை விட்டுவிட்டு முதலில் இந்த இரண்டையும் அப்டேட் செய்யுங்கள்.

நீக்கி மீண்டும் நிறுவுதல்

இதற்கு முன் உங்கள் தகவல் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ஜிமெயிலின் கடிதங்கள் கூகுளின் கணினிகளில் இருப்பதால் கவலையில்லை. வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் "Chats", பிறகு "Chat backup" சென்று காப்புப்பிரதி எடுக்காமல் நீக்கினால் பழைய உரையாடல்களை இழக்க நேரிடலாம். குறிப்புகளைக் கைபேசியிலேயே வைத்திருக்கும் செயலிகளிலும் இதே எச்சரிக்கை தேவை.

கைபேசியுடன் வந்த செயலிகளைப் பொதுவாக முழுமையாக நீக்க முடியாது. "App info" திரையின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளில் "Uninstall updates" இருந்தால், அது செயலியை ஆரம்பப் பதிப்புக்குக் கொண்டுபோகும். பின்னர் ப்ளே ஸ்டோரில் மீண்டும் அப்டேட் செய்துகொள்ளலாம்.

மறுபடி நிறுவியும் அதே பெட்டி தோன்றினால் வியப்படைய வேண்டாம். ஆண்ட்ராய்டு 6.0 முதல், பல செயலிகளின் அமைப்புகள் தானாகவே கூகுள் கணக்கில் காப்புச் செய்யப்பட்டு, நிறுவும்போது திரும்ப வந்து சேர்கின்றன. கெட்டுப்போன அமைப்பும் அவற்றோடு வந்துவிடக்கூடும். அப்படியானால், நிறுவியபின் திறப்பதற்கு முன்பாகவே "Clear storage" ஒருமுறை செய்துவிட்டுத் திறந்து பாருங்கள். முன்பு தவிர்க்கச் சொன்ன அந்தப் பொத்தானுக்கு இதுதான் உரிய இடம். அதற்கும் அடங்காத பிழையைச் செயலியை உருவாக்கியவர்கள்தான் தீர்க்க வேண்டும். ப்ளே ஸ்டோர் பக்கத்தில் உள்ள அவர்களது மின்னஞ்சல் முகவரிக்கு, கைபேசியின் மாதிரி, ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலியின் பதிப்பு எண், எந்த இடத்தைத் தொட்டபோது நின்றது என்ற விவரம் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள்.