ஜூம் கூட்டம் முடியும் முன் சாட்டைச் சேமிப்பது எப்படி?

ஜூம் வகுப்பில் ஆசிரியர் இணைப்புகளையும் அளவுகளையும் சாட்டில் போடுவார். அவர் கூட்டத்தை முடித்ததும் பெரும்பாலும் அந்தப் பெட்டியும் போய்விடும். அதனால் உள்ளே இருக்கும்போதே சேமித்துவிட வேண்டும். இங்கே சொல்வது கணினியில் நிறுவிய ஜூம் செயலிக்கு.

1. கீழே உள்ள பட்டையில் `Chat` அழுத்துங்கள். வலப்பக்கம் பெட்டி திறக்கும்.

2. அந்தப் பெட்டியில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தி `Save Chat` கொடுங்கள். அது தெரியவில்லை என்றால், நடத்துபவர் சேமிப்பதைத் தடுத்திருக்கக்கூடும். அவரிடமே கேளுங்கள், இல்லையென்றால் வேண்டிய செய்திகளை மட்டும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

3. `Documents` கோப்புறைக்குள் `Zoom` என்று ஒன்று இருக்கும். அதில் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட கோப்புறையைத் திறந்தால் `.txt` கோப்பு கிடைக்கும். யார், எத்தனை மணிக்கு, என்ன எழுதினார் என்பது அதில் வரிசையாக இருக்கும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. `Save Chat` அழுத்தும் நொடி வரை வந்ததுதான் கோப்பில் சேரும். 10 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும் தையல் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 10:40க்குச் சேமித்துவிட்டீர்கள். 10:55க்கு ஆசிரியர் ரவிக்கை அளவுப் பட்டியலின் இணைப்பைப் போடுகிறார். அது உங்கள் கோப்பில் இருக்காது. ஆசிரியர் நன்றி சொல்லத் தொடங்கும்போது மறுபடி ஒருமுறை `Save Chat` அழுத்துங்கள். அப்புறம் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். சாட்டில் கடைசியாகத் தெரியும் செய்தியே அங்கும் இருந்தால் எல்லாம் சரி.

தாமதமாக நுழைந்தவருக்கு, அவர் வருவதற்கு முன் போட்ட செய்திகள் பொதுவாகத் தெரியாது; கோப்பிலும் வராது. முதலிலிருந்தே இருந்த ஒருவரிடம் அவருடைய கோப்பை வாங்கிக்கொள்வதே வழி. சாட்டில் அனுப்பிய பிடிஎஃப், படம் போன்றவற்றையும் தனியாகப் பதிவிறக்க வேண்டும், `.txt` கோப்பு எழுத்துக்களை மட்டுமே தாங்கும். இன்னொன்று: நீங்களும் இன்னொருவரும் தனியாகப் பேசியதும் உங்கள் கோப்பில் சேர்ந்திருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அந்த வரிகளைக் கட்டாயம் நீக்குங்கள்.

கூட்டத்தை நடத்துபவர் நீங்களே என்றால், `zoom.us` தளத்தில் உங்கள் கணக்கின் `Settings` பகுதியில் சாட்டைத் தானாகச் சேமிக்கும் வசதி உண்டு. அதை ஒருமுறை இயக்கி வையுங்கள்.

கூகுள் மீட்டில் இப்படி ஒரு பொத்தான் கிடையாது. கடைசிச் செய்தியிலிருந்து மேல்நோக்கி மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுத்து, `Ctrl+C` கொடுத்து, நோட்பேடில் `Ctrl+V` கொடுத்து ஒட்டுங்கள். சாட் நீளமாக இருந்தால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். ஒட்டியது முழுதாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியேறுங்கள்.