இரண்டாம் டர்னில் கை கட்டி உட்கார்ந்திருந்த டெக்

மேஜிக் கார்டு விளையாட்டில், பாக்கெட் பிரித்து கார்டுகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நான் கட்டிய 40 கார்டு டெக் ஒன்று தொடர்ந்து தோற்றது. கார்டுகளை இறக்கத் தேவையான மானாவைத் தரும் லேண்ட் 17, மற்ற கார்டுகள் 23, கணக்கு சரிதான். கையில் பெரிய கார்டுகள் தேங்கியதால் லேண்ட் போதவில்லை என்று நினைத்து 18 ஆக்கினேன். அப்புறம் லேண்டாகவே வந்து குவிந்தது. இரண்டாம் டர்னில் இறக்க மட்டும் எதுவும் இல்லை.

அந்த 23 கார்டுகளையும் மேசையில் மானா விலைவாரியாக வரிசை வரிசையாக அடுக்கியபோதுதான் குறை தெரிந்தது. இரண்டு மானா கார்டு 2, மூன்று 5, நான்கு 6, ஐந்து 6, ஆறு 4. முதலில் ஆடுபவர் இரண்டாம் டர்னுக்குள் 8 கார்டுகளைத்தான் பார்க்கிறார். டெக்கில் இரண்டு மானா கார்டு இரண்டு மட்டும் இருந்தால், அவற்றில் ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 36 சதவீதம். ஏழு இருந்தால் 82.

எனவே ஆறில் 2, ஐந்தில் 3, நான்கில் 1 எடுத்துவிட்டு, இரண்டு மானாவில் 5, மூன்றில் 1 சேர்த்தேன். இப்போது 7, 6, 5, 3, 2. லேண்ட் மீண்டும் 17.

பிடித்த ஆறு மானா டிராகனை எடுக்க மனமே வரவில்லை. ஆனால் அது கைக்குள்ளேயே கிடந்த ஆட்டங்கள்தான் அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு மானா என்றாலே எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். எதிரி சண்டைக்கு இறக்கும் கிரீச்சரை அழிக்கும் கார்டு, எதிரி எதையாவது இறக்கும்வரை சும்மாதான் இருக்கும். நான் சேர்த்த ஐந்தும் கிரீச்சர்கள்.